பேசிப் பார்த்தால் தெரிந்துவிடாது

"அஞ்சு நிமிஷம் பேசுனாப் போதுமுங்க, ஆளு எப்படின்னு தெரிஞ்சுரும்."

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் மெர்ச்சண்டைசிங் மேனேஜர் இதை என்னிடம் சொன்னபோது, அவர் லேப்டாப்பில் 12 ஸ்லைடு பிபிடி ஒன்று திறந்திருந்தது. சீனியர் மெர்ச்சண்டைசர் ஒருவர் வேண்டும். என்ன வேலை, யாருக்குக் கீழே, என்ன எதிர்பார்க்கிறோம் என்பதெல்லாம் அதில் இருந்தது. அதைப் பார்த்து நான் ஆட்களைச் சலித்து அவர் முன்னால் உட்கார வைத்தால் போதும், மீதியை அவரே பார்த்துக்கொள்வார் என்பது ஏற்பாடு. கேள்விகளையும் நல்ல பதில் எது என்பதையும் முதலிலேயே எழுதி வைத்துக்கொள்வோம் என்றேன். கேள்வித்தாளெல்லாம் ஆள் எடுத்துப் பழகாதவர்களுக்கு, இருபது வருஷம் இதிலேயே இருப்பவனுக்கு எதற்கு என்று கேட்டார்.

ஆள் எடுக்கும் அறைகளில் நான் உட்கார்ந்த காலம் முழுக்க இந்தப் பேச்சைக் கேட்டுவருகிறேன். இதில் இரண்டு நம்பிக்கைகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. அனுபவசாலி பேச்சிலேயே ஆளை எடை போட்டுவிடுவார் என்பது ஒன்று. பதவியைப் பற்றி பிபிடி இருந்தால் அதுவே போதும், அதில் உள்ள வரிகளைக் கேள்வியாக்கிக் கேட்டால் ஆயிற்று என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு. இந்தத் தவறுக்கு விலை கொடுப்பவர்கள் பெரும்பாலும் அந்த அறைக்கு வெளியே நாற்காலியில் காத்திருப்பவர்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1979இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி நேர்காணல் நடத்தி, தரவரிசை போட்டு, 150 பேரைச் சேர்த்தது. பிறகு கூடுதலாக 50 பேரைச் சேர்க்கும்படி மாநிலச் சட்டமன்றம் சொன்னது. அதற்குள் பட்டியலில் மேலே இருந்தவர்கள் வேறு கல்லூரிகளுக்குப் போயிருந்தார்கள். அதனால் 700க்குக் கீழே தள்ளப்பட்டிருந்தவர்களிலிருந்து 50 பேரை எடுக்க வேண்டியதாயிற்று. படிப்பிலும் சரி, மருத்துவமனைப் பயிற்சியிலும் சரி, இரண்டு கூட்டத்துக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்று 1987இல் வெளியான ஆய்வு காட்டியது. தரவரிசை போட்டவர்கள் அனுபவமில்லாதவர்கள் அல்ல.

2013இல் ஜேசன் டேனா, ராபின் டாஸ், நதானியல் பீட்டர்சன் மூவரும் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஆழமாகக் குத்துகிறது. மாணவர்கள் சிலர் மற்ற மாணவர்களை நேர்காணல் செய்து, அவர்கள் எவ்வளவு மதிப்பெண் எடுப்பார்கள் என்று கணிக்க வேண்டும். பதில் சொல்கிறவர்களில் ஒரு பகுதியினருக்கு, உண்மையைப் பார்க்காமல் ஒரு விதிப்படி கண்டபடி பதில் சொல்லும்படி இரகசியமாகச் சொல்லியிருந்தார்கள். கேள்வி கேட்டவர்களுக்கு அது பிடிபடவே இல்லை. எதிரில் இருப்பவரை நன்றாகப் புரிந்துகொண்டோம் என்ற நிறைவு அவர்களுக்குக் கொஞ்சமும் குறையவில்லை. கையில் இருந்த பழைய மதிப்பெண்ணை மட்டும் வைத்துக் கணித்திருந்தால், பேசிப் பார்த்துக் கணித்ததைவிடச் சரியாக வந்திருக்கும். பேச்சு நமக்குத் தருவது தெரிந்துவிட்டது என்ற உணர்வு. அந்த உணர்வு எவ்வளவு பலமாக வந்தாலும் அது தகவல் ஆகாது.

நம் ஊரில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. திட்டமில்லாத பேச்சு இங்கே "எந்த ஊருங்க?" என்று ஆரம்பிக்கும். அதில் கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் ஊர் தெரிந்தால் அடுத்து எந்தப் பக்கம், யார் வீடு என்று போகும். அது எங்கே போய் நிற்கும் என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். பெண் என்றால் கல்யாணம், குழந்தை, ராத்திரி எட்டு மணிக்கு மேல் இருக்க முடியுமா என்று திரும்பும். அரை மணி நேரத்தில் இருபது நிமிடம் இப்படிக் கரைந்த பிறகு எழுகிற "நல்ல ஆளு" என்ற தீர்ப்பில் லேப் டிப் பற்றியோ ஷிப்மென்ட் பற்றியோ ஒரு சொல்கூட இருக்காது. எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே வரிசை என்று வைத்தால் இந்த இருபது நிமிடம் வேலைக்குத் திரும்பி வருகிறது. எழுதிய கேள்விகளுக்காக நான் சண்டை போடுவதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது நம்பிக்கைக்கு வருகிறேன். அந்த 12 ஸ்லைடில் நான்கு, நிறுவனத்தின் பெருமை. இரண்டு, டீமின் அமைப்பு. ஒன்று, சம்பளமும் இடமும். பொறுப்புகளும் தகுதிகளும் நான்கு ஸ்லைடில் 17 வரிகளாக இருந்தன. கடைசி ஒன்று அடுத்த வருட இலக்கு. பதவியைப் பற்றிய பிபிடி யாருக்காகச் செய்யப்படுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். அது முதலாளியிடம் அந்தப் பதவிக்கு அனுமதி வாங்குவதற்காகச் செய்யப்பட்டது. அதனால் "ஆர்டருக்கு முழுப் பொறுப்பு", "தரத்தில் சமரசமில்லாதவர்", "அழுத்தத்திலும் நிதானம்" என்று எல்லா வரியும் உச்சத்தில் நிற்கிறது. இதை அப்படியே கேள்வியாக்கினால் "நீங்கள் பொறுப்பு எடுத்துக்கொள்வீர்களா?" என்று வரும். இல்லை என்று சொல்ல யாராவது பஸ் ஏறி வருவார்களா?

அதனால் அந்த 17 வரிகளையும் மேனேஜருடன் உட்கார்ந்து பிரித்தேன். ஐந்து வருட அனுபவம், பட்டம் போன்ற நான்கு வரிகள் காகிதத்தில் சரிபார்க்க வேண்டியவை, நேர்காணலில் அவற்றுக்கு ஒரு நிமிடம்கூட வேண்டாம். நிறுவனத்தின் சாஃப்ட்வேர், ஒவ்வொரு பையருக்கும் உள்ள தனித்தனி நடைமுறை என்று ஐந்து வரிகள் வேலைக்கு வந்து ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ளக்கூடியவை. இன்று தெரியாததற்காக யாரையும் தள்ளக் கூடாது. காஸ்டிங் போடுவது, துணி எவ்வளவு தேவை என்று கணக்கிடுவது ஆகிய இரண்டும் வாயால் கேட்டுத் தெரிவதில்லை. ஒரு ஷீட்டைக் கொடுத்து இருபது நிமிடம் போடச் சொல்லிப் பார்க்க வேண்டியவை. மீதி ஆறு வரிகள், வெவ்வேறு சொற்களில் மூன்றே விஷயங்களைச் சொல்லிக்கொண்டிருந்தன. தடங்கல் வந்தால் காத்திருக்காமல் ஆர்டரை நகர்த்துவது. தரமும் தேதியும் மோதும்போது சரியாக முடிவெடுப்பது. கெட்ட செய்தியைப் பையரிடம் நேரத்தோடு சொல்வது. நேர்காணல் இந்த மூன்றுக்கு மட்டும்தான்.

ஆனால் இவையும் இன்னும் பெயர்கள்தான். பெயரிலிருந்து கேள்வி பிறக்காது, சம்பவத்திலிருந்துதான் பிறக்கும். ஜான் ஃபிளனகன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954இல் இதற்கு ஒரு முறையை எழுதி வைத்தார். வேலை தெரிந்தவரிடம் "நல்ல பணியாளருக்கு என்ன குணம் வேண்டும்?" என்று கேட்காமல், வேலை மிக நன்றாக நடந்த ஒரு சமயத்தையும் கெட்டுப்போன ஒரு சமயத்தையும், யார் என்ன செய்தார்கள் என்பதோடு சொல்லச் சொல்வது. மேனேஜரிடம் கேட்டேன்: "முழுப் பொறுப்பு எடுக்காத ஒருத்தரு என்ன சார் பண்ணுனாரு? ஒரு ஆர்டரைச் சொல்லுங்க."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார். மூன்று கலரில் 24,000 பீஸ். இரண்டு கலரின் லேப் டிப்புக்கு ஒப்புதல் வந்துவிட்டது. நேவி ப்ளூவுக்கு வரவில்லை. மெர்ச்சண்டைசர் மெயில் போட்டார், காத்திருந்தார், மறுபடி மெயில் போட்டார். எட்டு நாள் போயிற்று. அதற்குள் டையிங்கில் ஒதுக்கிய நாள் வேறு ஆர்டருக்குப் போய்விட்டது. மூன்று கலரும் சேர்ந்தே போகட்டும் என்று ஒப்புதல் வந்த இரண்டையும் அவர் நிறுத்தி வைத்திருந்தார். கடைசியில் பாதிச் சரக்கு கப்பலில் போகாமல் விமானத்தில் போனது, அந்த ஆர்டரில் லாபம் என்று ஒன்றும் மிஞ்சவில்லை.

நன்றாகச் செய்தவரும் இருப்பாரே என்றேன். இருந்தார். அதே மாதிரி ஒரு சிக்கலில், இன்னொரு பெண் மூன்றாவது நாளே பையரின் சென்னை அலுவலகத்தைக் கூப்பிட்டிருக்கிறார். ஒப்புதல் வந்த கலர்களை முதலில் டையிங்குக்கு அனுப்பிவிட்டு, மூன்றாவது கலருக்கான நாளைத் தள்ளி வாங்கியிருக்கிறார். எந்தத் தேதிக்குள் பதில் வராவிட்டால் ஷிப்மென்ட் தவறும் என்பதைப் பையருக்கே எழுதியிருக்கிறார். இந்த இரண்டு கதைகளுக்கும் நடுவில்தான் கேள்வி இருக்கிறது. பிபிடியில் அது இல்லை.

முதலில் நான் எழுதிய கேள்வி, "ஒப்புதல் தாமதமானால் என்ன செய்வீர்கள்?" அங்கே ஏற்கெனவே வேலை செய்யும் இரண்டு மெர்ச்சண்டைசர்களிடம் அதைக் கேட்டுப் பார்த்தோம். ஒருவர் மேனேஜர் தலையில் தூக்கிவைத்துக்கொள்பவர், மற்றவர் சுமார். இருவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "ஃபாலோ பண்ணுவேன் சார்." ஆளைப் பிரித்துக் காட்டாத கேள்வி எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை. அதனால் நடந்ததைக் கேட்கும்படி மாற்றினேன். "உங்கள் ஆர்டர் ஒன்றில், உங்கள் கையில் இல்லாத ஒரு ஒப்புதல் தாமதமானதைச் சொல்லுங்கள். என்ன ஆர்டர், எத்தனை நாள் தாமதம், நீங்கள் என்ன செய்தீர்கள், முடிவு என்ன?" கூடவே எல்லோரிடமும் கேட்க மூன்று துணைக் கேள்விகள். முதலில் மெயில் தவிர வேறு வழியில் முயன்றது எத்தனையாவது நாள்? உள்ளே யாரிடம் முதலில் சொன்னீர்கள்? அந்தச் சமயத்தில் மற்ற கலர்கள் எந்த நிலையில் இருந்தன? இப்போது இருவரின் பதில்களும் தெளிவாகப் பிரிந்தன.

நல்ல பதில் எப்படி இருக்கும் என்பதை எழுதும் இடத்தில்தான் பெரும்பாலானோர் வழுக்குகிறார்கள். "5: மிகச் சிறந்த பொறுப்புணர்வு, 3: ஓரளவு, 1: குறைவு" என்று எழுதிவிட்டு அளவுகோல் தயார் என்கிறார்கள். அது பிபிடியின் வரியைத் திருப்பி எழுதியதுதான். பாட்ரிசியா ஸ்மித்தும் லோர்ன் கெண்டலும் 1963இல் காட்டிய வழி, ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் எதிரே காதில் விழக்கூடிய ஒரு செயலை எழுதுவது. எங்கள் தாளில் இப்படி எழுதினோம். 1 என்றால், மெயில் போட்டுக் காத்திருந்தார். எத்தனை நாள் என்று சொல்லத் தெரியவில்லை. தவறு முழுக்கப் பையருடையது என்கிறார். 3 என்றால், தொடர்ந்து கேட்டார், மேலே தகவல் சொன்னார், ஆனால் தன் பக்கத்து வேலை வரிசையை மாற்றவில்லை. தேதி தவறிய பிறகே அது பிரச்சினையானது. 5 என்றால், ஷிப்மென்ட் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, ஒப்புதலுக்கான கடைசி நாள் எது என்று அவருக்கே தெரிந்திருந்தது. அந்த நாளுக்கு முன்பே வேறு ஆளைப் பிடித்தார். கையில் இருந்த கலர்களை முன்னால் தள்ளினார். ப்ரொடக்‌ஷனுக்குப் புதுத் தேதியைத் தானாகவே சொன்னார். 2, 4 இரண்டையும் இடைப்பட்டவற்றுக்கு விட்டோம். சரக்கு சரியான நேரத்தில் போனதா என்பதை வேண்டுமென்றே அளவுகோலில் சேர்க்கவில்லை. எல்லாம் சரியாகச் செய்தும் தவறிப்போன ஆர்டர்கள் உண்டு. அதிர்ஷ்டத்துக்கு மதிப்பெண் போடக் கூடாது.

இரண்டாவது விஷயத்துக்கு, நடந்ததைக் கேட்காமல் ஒரு நிலைமையை முன்வைத்தோம். இந்த வகை நேர்காணலை கேரி லேதம் குழுவினர் 1980இல் விவரித்தார்கள். நிலைமை இது: ஷிப்மென்ட்டுக்கு 9 நாள். டையிங்கிலிருந்து ஐந்து லாட் துணி வந்திருக்கிறது. இரண்டு லாட் ஒப்புதல் பெற்ற கலரைவிடக் கொஞ்சம் அழுத்தமாகத் தெரிகிறது. இன்று வெள்ளி மாலை, பையர் அலுவலகம் திங்கட்கிழமைதான் திறக்கும். கட்டிங் மேஜை காலியாக இருக்கிறது, ப்ரொடக்‌ஷன் மேனேஜர் துணி கேட்கிறார். என்ன செய்வீர்கள்?

இந்தக் கேள்வியின் உயிர் அந்த இழுபறியில் இருக்கிறது. பையர் அலுவலகம் திறந்திருந்தால் "பையரைக் கேட்பேன்" என்று எல்லோரும் தப்பித்துக்கொள்வார்கள். கட்டிங் மேஜை காலியாக இல்லாவிட்டால் "நிறுத்தி வைப்பேன்" என்பது சுலபமான பதிலாகிவிடும். "மேனேஜரிடம் சொல்வேன்" என்று மட்டும் நிறுத்துபவருக்கு 1. இரண்டு லாட்டையும் தனியே வைத்துவிட்டு மற்றதைக் கட்டிங்குக்கு விடுவேன் என்பவருக்கு 3. அது சரியான பதில்தான், ஆனால் பாதிப் பதில். 5 வாங்குகிறவர் முதலில் தன் கண்ணை நம்ப மாட்டார். பையர் சொன்ன வெளிச்சத்தில், லைட் பாக்ஸில் வைத்து ஒப்புதல் பெற்ற துண்டோடு ஒப்பிடுவேன் என்பார். ஒரே பீஸில் இரண்டு லாட் கலக்காதபடி லாட்வாரியாக வெட்டச் சொல்வார். அழுத்தமான லாட்டிலிருந்து துண்டு வெட்டித் திங்கட்கிழமை பையர் கைக்குப் போகும்படி இன்றே அனுப்புவார். அவர்கள் ஏற்காவிட்டால் மறுபடி சாயமேற்ற எத்தனை நாள் ஆகும் என்று டையிங்கில் இப்போதே கேட்டு வைப்பார்.

மூன்றாவது கேள்வி, தவறு நம் பக்கம் இருந்தபோது பையரிடம் எப்போது, என்ன சொன்னீர்கள் என்பது. அதன் அளவுகோல் எளிது. பையர் கேட்பதற்கு முன் சொன்னாரா, சொல்லும்போதே மாற்று வழியோடு போனாரா என்பதுதான்.

இதற்கு எதிராக நான் அதிகம் கேட்ட வாதம், கேள்வி எழுதி வைத்தால் மனப்பாடம் செய்துகொண்டு வந்துவிடுவார்கள் என்பது. "உங்கள் பலவீனம் என்ன?" என்ற கேள்விக்கு அது உண்மை. ஆனால் தன் ஆர்டரில் எத்தனையாவது நாள், யாரிடம், மற்ற கலர் எங்கே இருந்தது என்று மூன்று அடுக்கு இறங்கும்போது மனப்பாடம் முதல் அடுக்கிலேயே தீர்ந்துபோகும். கேள்வி வெளியே கசியும் என்பது நியாயமான கவலை. திருப்பூர் மெர்ச்சண்டைசர்கள் ஒருவருக்கொருவர் பழக்கமானவர்கள். அதற்கு, ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரே எடையில் இரண்டு கேள்விகள் எழுதி, ஒரு சுற்றுக்கு ஒன்று, அடுத்த சுற்றுக்கு மற்றொன்று என்று வைத்துக்கொள்ளலாம். கேள்வியே வேண்டாம் என்று விடுவது அதற்கு மருந்தல்ல.

இன்னொரு வாதம், இது மனிதத்தன்மை இல்லாத இயந்திர வேலை என்பது. நான் கண்டது வேறு. அந்தச் சுற்றில் வந்த ஒரு பெண் ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியத்துக்கு மேல் போகவில்லை. தமிழிலேயே சொல்லுங்கள் என்றோம். தாழ்ந்த குரலில், மேஜையைப் பார்த்தபடி, ஒரு குழந்தைகள் உடை ஆர்டரின் ஒவ்வொரு தேதியையும் சொன்னார். "காலரும் பாடியும் தனித்தனியா சாயம் ஏறி வந்தா சேராதுங்க, அதனால ரிப்பை அதே லாட்டோட போடச் சொன்னேன்" என்றார். திட்டமில்லாத பேச்சாக இருந்திருந்தால் அவர் ஐந்தாவது நிமிடம் எழுந்து போயிருப்பார். மேனேஜரும் நானும் தனித்தனியாக, ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல் மதிப்பெண் போட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பித்தோம். இரண்டு பேரும் முதல் கேள்விக்கு 5 போட்டிருந்தோம். காஸ்டிங் ஷீட்டில் அவர் தடுமாறினார் என்பதையும் சொல்ல வேண்டும். அவரை எடுத்தோம். முதல் மூன்று மாதம் காஸ்டிங்கை இன்னொருவர் சரிபார்த்தார்.

இந்த முறை எதிர்காலத்தைக் காட்டும் கண்ணாடி என்று நான் சொல்லவில்லை. நேர்காணல் மதிப்பெண்ணும் பிற்பாடு வேலையில் காட்டும் திறமையும் முழுக்க ஒத்துப்போனால் 1, சம்பந்தமே இல்லாவிட்டால் 0 என்று ஓர் அளவு உண்டு. 1998இல் ஷ்மிட், ஹண்டர் இருவரும் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, திட்டமிட்ட நேர்காணலுக்கு 0.51, திட்டமில்லாததற்கு 0.38 என்று கணக்கிட்டார்கள். 2022இல் பால் சாக்கெட் குழுவினர் அந்தக் கணக்கில் இருந்த மிகைப்படுத்தலைத் திருத்தியபோது முதலாவது 0.42, இரண்டாவது 0.19 என்று இறங்கின. சிறந்த முறையே பாதியை எட்டவில்லை. ஆனால் "பேசிப் பார்த்தால் தெரியும்" என்பது அதிலும் பாதிக்குக் கீழே நிற்கிறது. இருபது வருட அனுபவத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த அனுபவம் பயன்படும் இடம் எதிரில் உட்கார்ந்திருப்பவரின் முகம் அல்ல. நேவி ப்ளூ ஆர்டரின் கதையைச் சொல்லி, எது 3, எது 5 என்று பிரித்துக் கொடுத்த அந்த ஒன்றரை மணி நேரம்தான் அது. அதை மேனேஜரைத் தவிர வேறு யாராலும் செய்திருக்க முடியாது.

நாங்கள் எழுதியதிலும் ஓட்டை இருந்தது. லாட் பற்றிய கேள்வியின் அளவுகோலில் ரிப்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை. காலர் ரிப் வேறு லாட்டிலிருந்து வந்தால் பாடி முழுக்க ஒரே லாட்டாக இருந்தும் சட்டை கெட்டுத்தான் போகும். அந்தப் பெண் சொன்ன பிறகுதான் மேனேஜர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இதை நாம எழுதவே இல்லைங்களே" என்றார். அளவுகோலில் அந்த வரியைச் சேர்த்தோம். பாதிச் சுற்றில் அளவுகோலை மாற்றினால், முன்னால் வந்தவர்களையும் புதிய அளவுகோலால் மறுபடி பார்க்க வேண்டும். பதில்களைச் சொன்னபடியே எழுதி வைத்திருந்ததால் அது முடிந்தது. அவருக்கு முன் வந்த இரண்டு பேரின் தாள்களையும் எடுத்து மறுபடி படித்தோம். முதலில் வந்தவர், "ரிப்பும் அதே லாட்டுதானான்னு பார்ப்பேன்" என்று போகிறபோக்கில் சொல்லியிருந்தார், நாங்கள் இருவரும் அதைக் கவனிக்காமல் விட்டிருந்தோம். அவருடைய 3 அன்றைக்கு 4 ஆனது.